அமெரிக்காவுக்கு மிக்ஸியை எடுத்துப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள், டிரிம்மர், ஹேர் டிரையர், புதிதாக வாங்கிய 750 வாட்ஸ் மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போகலாமா? யுனிவர்சல் அடாப்டர் ஒன்று போதும் என்கிறார் கடைக்காரர்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், சகோதரி. அந்த அடாப்டர் நம் ஊர் உருண்டைப் பின்னை அங்குள்ள தட்டைப் பின் துளையில் பொருத்தித் தரும், அவ்வளவுதான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அது மாற்றாது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

எனவே பெட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் திருப்பிப் பாருங்கள். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். உள்ளே வரும் ஏசி மின்சாரத்தை முதலில் டிசியாக்கி, பிறகு அதை மிக வேகமாக விட்டுவிட்டு அனுப்பித் தேவையான அளவை மட்டும் வெளியே தருகிற சர்க்யூட் அவற்றில் இருக்கிறது. வருவது 120 ஆனாலும் 230 ஆனாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். 220–240 என்றோ 230 என்றோ மட்டும் போட்டிருந்தால் அந்தப் பொருள் அங்கே உதவாது. டிரிம்மரில் இரண்டு வகையும் உண்டு என்பதால் அதன் சார்ஜரை அவசியம் படித்துப் பாருங்கள்.

லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று பின் பிளக்கை, இரண்டு பின் மட்டுமே உள்ள மலிவான அடாப்டரில் செருகினால் எர்த் போய்விடும். சார்ஜ் ஆகும்போது உலோக உடல் கொண்ட லேப்டாப்பின் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய அதிர்வாக ‘விர்’ரென்று உணர்வீர்கள். சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம், மண்ணுக்குப் போக வழியில்லாமல் உங்கள் கை வழியே போகிறது. கசியும் அளவு மிகக் குறைவு. ஆனால், எர்த் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்களில் சுவர்ப்பக்க வயரைத் தனியாகக் கழற்றலாம். அதே வாய் உள்ள அமெரிக்க மூன்று பின் வயரை அங்கே வாங்கி மாட்டிவிட்டால் எர்த்தும் கிடைக்கும், தொளதொளவென்று ஆடும் அடாப்டரும் தேவைப்படாது.

சூடாக்கும் பொருளும் மோட்டார் பொருளும் வேறு கதை. வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். நம் ஊர் 1200 வாட்ஸ் ஹேர் டிரையர் அங்கே சுமார் 330 வாட்ஸ்தான் இழுக்கும். வெதுவெதுப்பான காற்றுதான் வரும்.

மிக்ஸியை அப்படியே செருகினால் சுற்றும், ஆனால் மிளகாயும் தேங்காயும் போட்டவுடன் திணறி நிற்கும். நின்ற பிறகும் ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் மோட்டார் சூடாகும். 120-ஐ 230 ஆக்கித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம். மோட்டார் கிளம்பும் நொடியில் அதிகக் கரண்ட் இழுப்பதால் 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 1500 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும். பல கிலோ எடையுள்ள அந்தப் பெட்டியைச் சமையல் மேடையில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியதுதான். அங்குள்ள இந்தியக் கடைகளில் நம் மிக்ஸியே 110 வோல்ட் மாடலில் கிடைக்கும்போது இந்தச் செலவு வீண்.

கிரைண்டருக்கு இன்னொரு சிக்கல். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸி மோட்டார் ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாது. கிரைண்டரில் பெரும்பாலும் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவும் சீக்கிரம் சூடேறும். அதையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள்.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் வாங்கிய 1500 வாட்ஸ் ஹேர் டிரையரை நம் வீட்டில் செருகினால் அது 5500 வாட்ஸ் வரை இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் கருகிவிடும். அங்கே வாங்கிய மிக்ஸியையும் டிரையரையும் ஊருக்குக் கொண்டுவராமல், கிளம்பும்போது அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.