பட்டியலுக்கு வராத வழக்கும் அப்பாவின் வயதும்

கேள்வி: ஐயா, மாதனூருக்கு அருகில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதற்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்துத் தோல் கிடங்குக்காரர்கள் அடைத்ததால், 1999-இல் அப்பா ஆம்பூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். சப் கோர்ட்டில் 2011-இல் தீர்ப்பு மாறியது. 2012-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் செகண்ட் அப்பீல் போட்டோம். அது அட்மிட் ஆனதோடு சரி, இன்றுவரை இறுதி விசாரணைக்கு வரவில்லை. அப்பாவுக்கு 80 வயது. தேங்காயை இன்னும் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டுவருகிறோம். வயதைச் சொல்லி ரெஜிஸ்ட்ராருக்கு நானே கடிதம் எழுதலாமா? தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அதில் காட்டலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் முதலில் அப்பீல் மனுவின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தரப்பினர் பெயர்களுக்குக் கீழே அப்பாவின் வயது என்ன என்று போட்டிருக்கிறது? உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கட்டுகளில் நான் அடிக்கடி காண்பது இது: 1999-இல் பிராதில் ‘சுமார் 54’ என்று எழுதியதை, 2012-இல் அப்பீல் தட்டச்சு செய்தவர் அப்படியே பார்த்து அடித்திருப்பார். அப்போது அப்பாவுக்கு 67 ஆகியிருக்கும். நீதிமன்ற ஆவணப்படி அவருக்கு இன்றும் 54-தான். பதிவின்போது கணினியில் வயதைச் சேர்க்காமல் விட்டிருந்தால், மூத்த குடிமக்கள் வழக்குகளைத் தனியாக எடுக்கும் கணக்கிலும் உங்கள் வழக்கு வராது. அதனால் கடிதத்தின் முதல் வேலை சலுகை கேட்பது அல்ல. வயதை ஆவணத்தோடு பதிவுக்குக் கொண்டுவருவது.

அதற்கு ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பிறந்த தேதிக்கு ஆதார் உறுதியான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஓய்வூதிய உத்தரவு, இவற்றில் ஒன்று இருந்தால் அதை வையுங்கள். ஆதாரைக் கூடவே துணையாக இணைக்கலாம். இன்னொன்று, கட்டில் அப்பாவின் முகவரி ‘வேலூர் மாவட்டம்’ என்று இருக்கும். இப்போதைய அட்டையில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்று இருக்கும். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் வந்த மாற்றம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

இனி, யார் எழுதுவது? உங்கள் வக்கீலின் வக்காலத்து கோப்பில் இருக்கும்வரை, தரப்பினர் நேரடியாக அனுப்பும் கடிதம் பெரும்பாலும் அலமாரியில்தான் தங்கும். வக்கீல் பெயரில், ஆங்கிலத்தில், ரெஜிஸ்ட்ரார் (ஜுடிஷியல்) அவர்களுக்குப் போகட்டும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு நகல் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். ரெஜிஸ்ட்ரார் தாமாகத் தேதி கொடுத்து வழக்கைக் கேட்க வைப்பவர் அல்ல. எந்த வகை வழக்கு, எந்த ஆண்டு வழக்கு எந்த நீதிபதிக்கு என்பதைப் பிரித்துக் கொடுப்பவர் தலைமை நீதிபதி. செகண்ட் அப்பீல்களை ஆண்டு வாரியாகப் பிரிப்பது வழக்கம். 2012-ஆம் ஆண்டுக் கட்டுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார் செய்யக்கூடியது, அந்த நீதிபதியின் முன் வழக்கைப் பட்டியலிட வைப்பது. கடிதத்துக்குப் பலன் இல்லையென்றால், அதே நீதிபதியின் முன் வக்கீல் காலையில் மென்ஷன் செய்யலாம், அல்லது பிரமாண வாக்குமூலத்தோடு முன்கூட்டி விசாரிக்கக் கோரும் மனு போடலாம்.

கடிதத்தில் என்ன எழுதுவது? 80 வயது என்பதோடு நிறுத்தாதீர்கள். வரிசையில் காத்திருப்பவர்களில் அந்த வயதுக்காரர்கள் நிறையப் பேர். பாதை இன்னும் அடைபட்டே இருக்கிறது, விளைச்சல் தலைச்சுமையாக வெளியே வருகிறது என்று நீங்கள் எனக்கு எழுதியதுதான் கடிதத்தின் உயிர். 1999 முதல் இன்றுவரை எந்த ஆண்டில் எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை நான்கு வரியில் கொடுங்கள். ‘சாட்சி இறந்துவிடுவார்’ என்று சிலர் எழுதுவார்கள். செகண்ட் அப்பீலில் சாட்சி விசாரணை இல்லை. அது சட்டக் கேள்வியை மட்டும் பார்க்கும் இடம். அந்தக் காரணம் முன்சீப் கோர்ட்டில் நடக்கும் அசல் வழக்குக்குப் பொருந்தும். அங்கே வயதான சாட்சியை முன்னதாகவே விசாரிக்கச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் தனி வழி உண்டு. உடல்நலக் குறைவைச் சொல்வதானால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் இதையெல்லாம் செய்யும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும்: வழக்கு விசாரணைக்குத் தயாராக இருக்கிறதா? பட்டியலுக்கு வராத பல வழக்குகளுக்கு உண்மைக் காரணம் வரிசையின் நீளம் அல்ல. எல்லா எதிர்மனுதாரர்களுக்கும் நோட்டீஸ் சேர்ந்திருக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டு ரெகார்ட்ஸ் சென்னைக்கு வந்திருக்க வேண்டும். hcservices.ecourts.gov.in தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். மீதியை வக்கீலின் குமாஸ்தா செக்‌ஷனில் விசாரித்துச் சொல்வார்.

இதைவிடப் பெரிய கண்ணி, இறந்துபோன எதிர்மனுதாரர். உங்கள் வழக்கில் நான்கு பேர் எதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் 2018-இல் இறந்துவிட்டார். ஊரே இறுதிச் சடங்குக்குப் போனது. சென்னை வக்கீலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இறந்த 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க மனு போடாவிட்டால், அவரைப் பொறுத்தவரை அப்பீல் தானாகவே அற்றுப்போகும். அதை நீக்கக் கோர இன்னும் 60 நாள். அதுவும் கடந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். பாதை உரிமையை எல்லா எதிரிகளும் கூட்டாக எதிர்க்கும்போது, ஒருவர் விஷயத்தில் அற்றது முழு அப்பீலையும் வீழ்த்தக்கூடும். இந்த நிலையில் அவசரக் கடிதம் கொடுத்தால், முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இதைத்தான் சொல்வார். ஆகவே நாளைக்கே ஊரில் எதிரிகள் எல்லார் வீட்டிலும் விசாரித்து, யார் இருக்கிறார், யார் இல்லை, எந்த நாளில் என்று எழுதி வக்கீலிடம் கொடுங்கள். இறந்தது தெரியாமல் இருந்தது உண்மையானால், தாமதத்தைப் பொறுக்க அது ஏற்கத்தக்க காரணம்தான்.

கழிவு வழக்கைப் பற்றி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் இழப்பீட்டை நிர்ணயித்தது. அந்தத் தொகையை ஆறு வாரத்தில் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் மறுபடியும் 2025 ஜனவரி 30-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. பாலாற்றங்கரைக்காரர்களின் நெஞ்சில் இது ஆறாத புண் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வழக்கு பாதை உரிமை வழக்கு. அந்தத் தீர்ப்பு இதற்கு உதவாது. அதைக் கடிதத்தில் சேர்த்தால் படிப்பவரின் கவனம் திசைமாறும். உங்கள் தோப்பு அந்த இழப்பீட்டுப் பட்டியலில் இருந்தால், அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள். கடிதத்தில் காட்ட வேண்டுமானால், 2023 அக்டோபர் 20-இல் யஷ்பால் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். ஐந்தாண்டுக்கு மேல் தேங்கிய வழக்குகளைக் கண்காணிக்க உயர் நீதிமன்றங்கள் குழு அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

தேதி கிடைத்தால், அன்று வாதிடத் தயாராக இருப்பதாக வக்கீலிடம் முன்பே உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயதைச் சொல்லி வாங்கிய நாளில் நம் பக்கமே வாய்தா கேட்டால், அடுத்த கடிதத்தை யாரும் நம்பிப் படிக்கமாட்டார்கள்.