பணிக்கொடை: விட்டுப்போன மாதங்களும் ஒரு வருடமாகலாம்



காரியாபட்டியைச் சுற்றியுள்ள மில்களிலும், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளிலும் வேலை பார்த்து நின்றவர்கள் பணிக்கொடை வாங்கும்போது, கடைசியில் வரும் சில மாதங்களை விட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களுக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு.

1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும். மீதி மாதங்கள் ஆறுக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு முழு ஆண்டு. ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் அது சேராது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு சகோதரி 2014 ஜூன் 10 அன்று தீப்பெட்டி ஆலையில் சேர்ந்து, 2025 ஜனவரி 20 அன்று வேலையை விட்டார். 10 ஆண்டு, 7 மாதம், சில நாட்கள். எனவே கணக்கில் 11 ஆண்டு. அவருக்குப் பீஸ் கணக்கில் கூலி என்பதால் கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியை எடுக்கவேண்டும், ஓவர்டைம் சேராது. மூன்று மாதத்தில் 78 நாள் வேலைக்கு ரூ.35,100 வாங்கியிருந்தால் ஒரு நாள் கூலி ரூ.450. 15 நாளுக்கு ரூ.6,750. பதினொரு ஆண்டுக்கு ரூ.74,250. பத்து ஆண்டு என்று போட்டால் ரூ.67,500 தான் வரும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் கணக்கிடப்பட்டது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பணிக்கொடை பெறத் தகுதி வர 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். அதற்கு இந்த ஆறு மாதக் கணக்கு உதவாது. 4 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்ததை 5 என்று சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் தகுதி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே ஐந்தாம் ஆண்டில் விலக நினைப்பவர் வேலை நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு விலகுவது நல்லது. பணியில் இருக்கும்போதே மௌத்தானவரின் வாரிசுகளுக்கும், உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் இந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது.

நம் தவறில்லாமல் ஆலை மூடியிருந்த நாட்களால் தொடர் பணி அறுந்துபோகாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துள்ளது; ஆறு மாதக் கணக்கு அதிலும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் சேர்ந்த தேதியில்தான் நிற்கிறது. பி.எஃப். பாஸ்புக்கிலும் இ.எஸ்.ஐ. அட்டையிலும் உள்ள தேதி சரிதானா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். விலகியதும் முதலாளியிடம் எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு செய்யலாம். உழைத்தவரின் ஹக் இது. நம்மில் ஆள் வைத்து வேலை வாங்குவோரும் இதே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.