71ஆ, 66ஆ? மேலாளருக்கு எழுதிய மெயில்

சேவையை விட்டு விலகப்போகும் வாடிக்கையாளர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மாடல் அது. முதல் அறிக்கையில் விலகியவர்களில் 71 சதவீதம் பேரைப் பிடித்திருந்தது. அதே நிரலை மறுபடி ஓட்டியபோது 66 என்று வந்தது. "எது சரி?" என்று மேலாளர் கேட்டார். திட்டத்துக்கு வைத்திருந்த இலக்கு 70 என்பதால் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

"சீடு வைக்கவில்லை, வைத்துவிட்டேன்" என்று ஒரு வரியில் பதில் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் ஆட்களை எண்ணிக்காட்டி எழுதினேன்:

"சார், தரவும் நிரலும் மாறவில்லை. மொத்தம் 2,000 வாடிக்கையாளர்கள். விலகியவர்கள் 400 பேர். அவர்களில் 80 பேரைக் குலுக்கிப்போட்டுச் சோதனைக்கு ஒதுக்குகிறோம். முதல் தடவை 80இல் 57 பேரை மாடல் பிடித்தது. அடுத்த தடவை குலுக்கலில் வேறு 80 பேர் வந்தார்கள், 53 பேரைப் பிடித்தது. குலுக்கலின் தொடக்க எண்ணான சீடு நிரலில் குறிப்பிடப்படாததால் ஆட்கள் மாறுகிறார்கள். வித்தியாசம் நான்கே பேர்."

80 பேரில் ஒருவர் என்றாலே 1.25 சதவீதப் புள்ளி. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஐந்து புள்ளி ஏறி இறங்குவது இயல்பு என்பது இங்கேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

சீடு இரண்டு இடங்களில் வேண்டும். தரவைப் பிரிப்பதில் மட்டும் வைத்தால், நம் மாடலான ரேண்டம் ஃபாரஸ்ட் தன் மரங்களை வளர்க்கையில் மறுபடியும் குலுக்கும்.

```python
train_test_split(X, y, test_size=0.2,
                 stratify=y, random_state=42)
RandomForestClassifier(random_state=42)
```

இதோடு நின்றால் ஆபத்து. 42 வைத்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அது மாடலின் உண்மையான திறன் என்று ஆகிவிடாது. வெவ்வேறு சீடு போட்டுப் பார்த்து 71 தருவதைத் தேர்ந்தெடுப்பது மேலாளரை ஏமாற்றுவதுதான். அதனால் 30 சீடுகளில் ஓட்டி, எல்லா முடிவுகளையும் மெயிலில் இணைத்தேன். நடு மதிப்பு 69. பெரும்பாலானவை 64க்கும் 74க்கும் இடையில் இருந்தன. கீழே இப்படி எழுதினேன்: "71, 66 இரண்டுமே இந்த வீச்சுக்குள் அடங்கும். 70ஐத் தாண்டிவிட்டோம் என்று இந்தத் தரவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. விலகியவர்களின் பதிவுகள் இன்னும் கிடைத்தால் வீச்சு குறுகும்."

சீடு வைத்தபிறகும் எண் மாறினால் தரவு வரும் வழியைப் பாருங்கள். SQL வினவலில் `ORDER BY` இல்லையென்றால் வரிசைகள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஒழுங்கு மாறினால் அதே சீடு வேறு ஆட்களை எடுக்கும். வாடிக்கையாளர் எண்ணை வைத்து வரிசைப்படுத்திய பிறகே பிரியுங்கள். சோதனைக்குப் போன எண்களைத் தனிக் கோப்பில் சேமித்துவைத்தால், இரண்டு ஓட்டத்திலும் அதே ஆட்கள்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.