தழுதழுக்கும் குரலுக்கு ஓர் இரங்கலுரை

படத்திறப்புகளில் பேசுபவர்களுக்கு நான் உரை எழுதிக் கொடுப்பதுண்டு. மேடைப் பேச்சாளருக்கு எழுதுவது எளிது. பெற்றவரை இழந்த பிள்ளைக்கு எழுதும்போது, குரல் உடையும் என்று வைத்துக்கொண்டே வரிகளை அமைக்க வேண்டும்.

அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தவரின் மகளுக்கு ஒருமுறை எழுதினேன். மூன்று நிமிடப் பேச்சு. சாதாரணமாக நிமிடத்துக்கு 100 சொற்கள் பேசலாம். துக்கத்தில் அது முடியாது என்பதால் 200 சொற்களுக்குள் நிறுத்தினேன். விம்மும்போது மூச்சு நீளாது. அதனால் வரிக்கு ஐந்தாறு சொற்கள்தான்.

எழுதியதை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மனசுக்குள் படித்தால் எங்கே உடையும் என்று தெரியாது. கடைசி டிரிப் முடித்து அப்பா கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வரும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. முதலில் அது உரையின் முடிவில் இருந்தது. அங்கே உடைந்தால் மீள வழியில்லை, நடுவுக்கு மாற்றினேன். அதையடுத்து வெறும் தகவலாக இரண்டு வரிகள் வைத்தேன்: “1987-இல் பணியில் சேர்ந்தார். 2019-இல் ஓய்வு பெற்றார்.” ஆண்டுகளைச் சொல்லும்போது மனம் கொஞ்சம் விலகி நிற்கும், குரல் திரும்பிவிடும். ஆற்றைக் கடக்கிறவர் கால் ஊன்றும் கல் மாதிரி.

“அப்பா, நீங்க எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று மகள் எழுதி வைத்திருந்தார். இறந்தவரை நேரே பார்த்துப் பேசும் வரி ஒப்பாரியாகிவிடும். அடுத்த வரிக்குப் போக முடியாது. “அப்பா இப்படிச் செய்வார்” என்று படர்க்கையிலேயே கொண்டுபோனோம். தொடக்கத்தில் வந்தவர்களுக்கு வணக்கம், தான் இன்னார் மகள் என்ற அறிமுகம். யோசிக்காமலே சொல்லக்கூடிய வரிகள் அவை, குரல் பழகிக்கொள்ளும். முடிவில், “எல்லாரும் அப்பா படத்துக்குப் பூப் போடுங்க” என்ற அழைப்பு. கூட்டம் எழுந்ததும் பார்வை மகளைவிட்டு அகன்றுவிடும்.

தாளில் எழுத்து 18 புள்ளி அளவு. கண்ணீர் மறைத்தாலும் ஓரளவு தெரியும். வரிக்கு ஒரு வாக்கியம். எந்த வாக்கியமும் அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது. உடையும் இடத்துக்கு முன்னால் ‘தண்ணீர்’ என்று எழுதி வட்டமிட்டேன். ஒரு மடக்கு குடித்தால் தொண்டை இளகும், கூட்டமும் காத்திருக்கும். நடுவே ஓரிடத்தில் கோடு போட்டேன்: அதற்கு மேல் முடியாவிட்டால் நேரே பூப் போட அழைக்கும் வரிக்குப் போய்விடலாம். கோடு வரைக்கும் படித்தாலே உரை முழுமையாக இருக்கும்படி, முக்கியமானதையெல்லாம் முன்னால் வைத்திருந்தேன்.

இன்னொரு பிரதி முன்வரிசையில் இருந்த சித்தப்பாவிடம். மகள் தாளை மேசைமேல் வைத்தால் அவர் வந்து தொடர வேண்டும் என்று பேச்சு. இந்தப் பொறுப்பைப் பேசுபவரின் உடன்பிறந்தவரிடம் கொடுக்காதீர்கள்; அவரும் அதே வரியில்தான் உடைவார்.