லாக்அவுட் செய்த பிறகும் வேலை செய்யும் டோக்கன்கள்

பாதுகாப்பை மையமாக வைத்த டிசைன் நேர்காணல் ரவுண்டில், பயனர் எப்படி உள்ளே வருகிறார் என்பதைப் பலரும் சரியாக வரைந்துவிடுவார்கள். "டோக்கன் திருடு போனால் திருடனை எவ்வளவு நேரத்தில் வெளியே தள்ளுவீர்கள்?" என்பதே கடினமான கேள்வி. அதற்குச் சொல்லப்படும் பதில்களில் மூன்று நம்பிக்கைகள் அடிக்கடி தலைகாட்டும்.

நம்பிக்கை 1: லாக்அவுட் செய்தால் அக்சஸ் டோக்கன் செல்லாது.

உண்மை: ஜேடபிள்யூடி வகை டோக்கனில் ஏபிஐ சர்வர் கையொப்பத்தையும் `exp` போன்ற விவரங்களையும் தானே சரிபார்த்துக்கொள்கிறது, டோக்கனை வழங்கிய சர்வரிடம் கேட்பதில்லை. ஆகவே லாக்அவுட்டில் அழிவது உங்கள் பிரவுசரில் இருக்கும் பிரதிதான். ஆயுள் 10 நிமிடம் என்றால், திருடனின் பிரதி அந்த 10 நிமிடம் முடியும்வரை செல்லும். உடனே வெட்ட வேண்டுமானால் ஒவ்வொரு கோரிக்கையிலும் ரத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பணம் அனுப்புவது போன்ற செயல்களுக்கு மட்டும் அப்படிப் பார்ப்பது நல்ல சமரசம்.

நம்பிக்கை 2: ரெஃப்ரெஷ் டோக்கனை ஒவ்வொரு முறையும் மாற்றினால் திருட்டு பலிக்காது.

உண்மை: மாற்றுவதால் திருட்டு நிற்காது, வெளியே தெரியவரும், அவ்வளவுதான். ஆர்1 என்ற ரெஃப்ரெஷ் டோக்கன் திருடு போனதாக வைத்துக்கொள்வோம். திருடன் முந்திக்கொண்டு அதைக் கொடுத்து ஆர்2 வாங்கிவிடுகிறான். பிறகு உண்மையான பயனரின் செயலி அதே ஆர்1-ஐ நீட்டுகிறது. பயன்படுத்திய டோக்கன் திரும்ப வந்ததைக் கண்ட சர்வர், யார் திருடன் என்று அறியாததால், ஆர்2 உட்பட அந்த டோக்கன் குடும்பம் முழுவதையும் ரத்து செய்கிறது. இருவரும் மறுபடி உள்நுழைய வேண்டும்; திருடனிடம் கடவுச்சொல் இல்லை.

ஆனால் பயனர் திரும்பி வராவிட்டால் மோதலே நடக்காது. திருடன் ஆர்3, ஆர்4 என்று நீட்டித்துக்கொண்டே போவான். அதனால், எத்தனை முறை மாற்றினாலும் நீளாத மொத்த ஆயுள் ஒன்றும் வேண்டும்.

பொய் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு டேப்கள் ஒரே நேரத்தில் ஆர்1-ஐ அனுப்பினாலோ, பதில் வழியில் தொலைந்து செயலி மறுபடி கேட்டாலோ, அப்பாவிப் பயனரே வெளியேற்றப்படுவார். காரணமில்லாமல் வெளியே தள்ளப்படுவதாகப் புகார்கள் வந்தால், அதே சாதனத்தில் சில நொடி இடைவெளியில் பதிவான மறுபயன்பாடுகளை லாகில் தேடுங்கள்.

நம்பிக்கை 3: சிங்கிள் சைன்-ஆனில் ஓரிடத்தில் வெளியேறினால் எல்லா இடத்திலும் வெளியேறியதாகும்.

உண்மை: அடையாளச் சர்வரில் ஒரு செஷன், ஒவ்வொரு செயலியிலும் தனித்தனி செஷன் என்று இருக்கும். செயலியில் மட்டும் வெளியேறினால், மறுபடி உள்நுழைவை அழுத்தியதும் அடையாளச் சர்வர் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். ஓப்பன்ஐடி கனெக்டின் பேக்-சேனல் லாக்அவுட்டில், அடையாளச் சர்வர் ஒவ்வொரு செயலியின் சர்வருக்கும் நேரடியாகத் தகவல் அனுப்புகிறது. அதில் வரும் `sid` எந்த செஷனுக்கு உரியது என்பதை, உள்நுழையும்போதே செயலி குறித்துவைத்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் தகவல் வந்தும் எந்த செஷனை மூடுவது என்று தெரியாது.