உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம்: சிறு பிள்ளைகளின் கை, கால், வாய் நோய்

ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறை 10 கிலோ. குடும்பம் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம். தகரக் கூரை போட்ட தற்காலிக வீடு. பக்கத்து இரண்டு வீட்டாருடன் ஒரே கிணறு, ஒரே மலசலகூடம். மூத்த பிள்ளை முன்பள்ளிக்குப் போய் வருகிறது.

திங்கட்கிழமை சின்னவனுக்கு இலேசான காய்ச்சல், சிணுங்கல். புதன்கிழமை காய்ச்சல் குறைந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வீணீர் ஒழுகுகிறது. பால் கொடுத்தால் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அழுகிறான். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் சிறு புண்கள். உள்ளங்கை, உள்ளங்கால், குண்டி ஆகிய இடங்களில் சிவந்த புள்ளிகள். சிலவற்றில் நீர் கோத்திருக்கிறது. அம்மம்மா பார்த்துவிட்டு, “இது அம்மாள் வருத்தம், மருந்து குடுக்கக் கூடாது, குளிக்க வார்க்கவும் கூடாது” என்கிறார்.

அம்மம்மாவின் சந்தேகம் இயல்பானதே. ஆனால் கொப்புளிப்பான் பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் தொடங்கி உடம்பெங்கும் பரவும். நல்ல கடி இருக்கும். இங்கே கொப்புளங்கள் கையிலும் காலிலும் கூடி நிற்கின்றன. வாய்க்குள் புண் இருக்கிறது. கடியை விட நோவுதான் அதிகம். இது கை, கால், வாய் நோய். வைரசுக் கிருமிகளால் வருவது. மாட்டுக்கு வரும் கால் வாய் நோய் வேறு, இது வேறு. உங்கள் மாட்டிலிருந்து பிள்ளைக்குத் தொற்றவில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் இது தானாகவே மாறிவிடும். கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. அன்ரிபயோற்றிக் மருந்தும் இதற்கு வேலை செய்யாது. கடையில் கேட்டு வாங்க வேண்டாம். கையிலும் காலிலும் உள்ள கொப்புளங்கள் பார்க்கப் பயமாக இருந்தாலும் அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் வாய்க்குள் இருக்கிறது. விழுங்கும்போது நோவதால் பிள்ளை குடிக்க மறுக்கும். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் ஒரு நாள் குடிக்காமல் கிடந்தாலே சிறு பிள்ளையின் உடம்பில் நீர் வற்றிவிடும். கிளினிக்கிற்குத் தூக்கி வரப்படும் பிள்ளைகளில் பலர் கொப்புளத்தால் அல்ல, இதனால்தான் சோர்ந்துபோய் வருகிறார்கள்.

எனவே முதல் வேலை நோவைக் குறைப்பது. பரசிட்டமோல் பாணி மருந்து போத்தலின் லேபலைப் பாருங்கள். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் என்று இருந்தால், 10 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 6 மில்லிலீட்டர் போதும். 6 மணித்தியாலத்திற்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். பிள்ளையின் நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும். அளவு தெரியாவிட்டால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரைக் கேளுங்கள். மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கக் கொடுத்தால், அழாமல் கூடுதலாகக் குடிக்கும். அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. டெங்கு பரவும் இடங்களில் இபுபுரோபன் போன்ற நோமருந்துகளும் வேண்டாம். காய்ச்சல் எதனால் என்று தெரியாதபோது அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

அடுத்தது குடிக்க வைப்பது. கோப்பையை நீட்டினால் தட்டிவிடும் பிள்ளைக்குத் தேக்கரண்டியால் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சால், கன்னத்தின் ஓரமாக, இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு தடவை கொடுங்கள். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர். மணித்தியாலத்திற்கு 20 கரண்டி உள்ளே போனால் 100 மில்லிலீட்டர் ஆகிறது. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் தேவை. வீட்டில் மாறி மாறி ஆட்கள் இருந்து கொடுத்தால் இதை எட்டலாம். மண்பானையில் குளிர்ந்த கொதித்தாறிய தண்ணீர், இளநீர், ஆறிய அரிசிக்கஞ்சி, தயிர் எல்லாம் நல்லது. சரியாகக் குடிக்காத பிள்ளைக்கு ஜீவனியை பக்கெற்றில் எழுதியபடி கரைத்துக் கொடுங்கள். 24 மணித்தியாலத்திற்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். தோடம்பழச் சாறு, தேசிக்காய், உறைப்பு, சூடான பானங்கள் புண்ணில் எரியும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நிறுத்த வேண்டாம். உறிஞ்ச நோவதானால் பாலைப் பிழிந்து கரண்டியால் ஊட்டலாம்.

குடித்தது போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லும். எத்தனை தடவை போனான் என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தாலும் சரி. 8 மணித்தியாலமாகப் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குளிக்க வார்க்கலாம், இளஞ்சூட்டு நீரில் உடம்பு கழுவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பற்பசை, சாம்பல் எதுவும் பூச வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகுவதில் யாருக்கும் கெடுதல் இல்லை; மருந்தையும் தண்ணீரையும் நிறுத்துவதில்தான் கெடுதல்.

அரிதாக இந்த நோய் மூளையையும் இருதயத்தையும் தொடும். நித்திரைக்குப் போகும்போது திடீர் திடீரெனத் தூக்கிப்போடுதல், எழுப்பக் கடினமான மயக்கம், நடையில் தள்ளாட்டம், விடாத சத்தி, மூச்சு வேகமாக வாங்குதல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் புறப்படுங்கள். 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். டெங்கையும் விலக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலுக்கும் காத்திருக்கக் கூடாது.

இனி மற்றப் பிள்ளைகள். கிருமி வீணீரிலும் மூக்குச் சளியிலும் கொப்புள நீரிலும் இருக்கும். மலத்தில் கொப்புளம் மாறிய பின்னும் சில கிழமைகள் வந்துகொண்டிருக்கும். ஒரே மலசலகூடத்தைப் பாவிக்கும் மூன்று வீட்டாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மலம் கழுவிய பின்னும், சமைக்க முன்னும், ஊட்ட முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கைக்குப் பூசும் அற்ககோல் திரவத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கிருமிக்கு அது போதாது. கிணற்றடியில், அடியில் துளையிட்ட போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் சவர்க்காரத்தை வையுங்கள். பிள்ளையின் மலத்தை வளவில் விடாமல் மலசலகூடத்தில் போடுங்கள். கோப்பை, துவாய் தனியாக இருக்கட்டும். விளையாட்டுச் சாமான்களை முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பின்னர் 5 வீத வெளிற்றும் திரவம் 4 தேக்கரண்டியை ஒரு லீட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, சற்றுப் பொறுத்து அலசுங்கள். அந்தக் கலவையைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம்முடைய பிள்ளைக்குச் சனிக்கிழமை வாய்ப்புண் ஆறத் தொடங்கியது, கஞ்சி குடித்தான். மூத்தவளுக்குக் காய்ச்சலோ புண்ணோ இல்லாததால் அவள் முன்பள்ளிக்குப் போகலாம். தொற்றிய பிள்ளைக்கு 3 முதல் 6 நாட்களில் நோய் தெரிய வரும் என்பதால், அந்த நாட்களில் காலையில் அவளுடைய வாயையும் கையையும் பார்த்து அனுப்புவது நல்லது. ஆசிரியைக்கும் சொல்லிவிடுங்கள்.

நோய் வந்த பிள்ளையை எப்போது அனுப்பலாம்? மருந்து கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். வழமைபோலச் சாப்பிட வேண்டும், வீணீர் ஒழுகக் கூடாது, கொப்புளங்கள் உலர்ந்திருக்க வேண்டும். தழும்பு முழுவதும் மறையும்வரை மறிக்க வேண்டியதில்லை. ஆசிரியை தயங்கினால், பிரதேச பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசச் சொல்லுங்கள்.

சில கிழமைகள் கழித்துக் கைத்தோல் உரியலாம். ஒன்றிரண்டு நகங்கள் கழன்று விழவும் கூடும். நோவதில்லை. புதிய நகம் தானாக முளைக்கும். அதற்கு மருந்து வாங்க வேண்டாம்.