புலனமா, மின்னஞ்சலா?

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் அவரை ‘அக்கா’ என்றே அழைக்கின்றனர். அவருடைய வியாபாரம் முழுவதும் கைப்பேசியில்தான் நடக்கிறது. “அக்கா, ரெண்டு டின் இருக்கா?” என்று புலனத்தில் கேட்பார்கள், “இருக்கு, சாயங்காலம் வாங்க” என்று பதில் போகும். இத்தகைய வியாபாரத்திற்குப் புலனமே போதும். கேட்டவரும் கொடுப்பவரும் மட்டுமே அறிய வேண்டிய செய்தி அது. அன்று மாலையே அதன் வேலையும் முடிந்துவிடுகிறது.

தீபாவளி நெருங்கும் வேளையில், ஆயர் குரோவில் உள்ள ஓர் அலுவலகத்தின் கொள்முதல் அதிகாரி அவரைத் தொடர்புகொள்கிறார். ஊழியர்களுக்கு வழங்க 60 டின் முறுக்கு வேண்டும். ஒரு டின் 18 ரிங்கிட். மொத்தம் 1,080 ரிங்கிட். அக்டோபர் 10ஆம் நாள் காலை 10 மணிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். விவரங்கள் அனைத்தும் மின்னஞ்சலில் வருகின்றன. அக்காவும் மின்னஞ்சலிலேயே ஒப்புதல் தெரிவிக்கிறார். அதுவரை சிக்கல் எதுவுமில்லை.

செப்டம்பர் 28ஆம் நாள் இரவு அதே அதிகாரி புலனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார். “அக்கா, இன்னும் இருபது டின் சேர்த்துக்கலாமா?” அக்கா அப்போது அடுப்படியில் நிற்கிறார். கையெல்லாம் மாவு. கட்டைவிரலை உயர்த்தும் குறியை மட்டும் தட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறார். ‘கேட்டுவிட்டேன், பிறகு பேசுவோம்’ என்பதே அவருடைய எண்ணம். கடலை மாவும் எண்ணெயும் விலை ஏறிவிட்டதால், கூடுதல் 20 டின்னுக்குத் தலா 20 ரிங்கிட் கேட்கவும் நினைத்திருக்கிறார். அதிகாரியோ பழைய விலைக்கே அக்கா சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறார்.

அக்டோபர் 10ஆம் நாள் 80 டின் போய்ச் சேர்கிறது. அக்காவின் விலைப்பட்டியலில் 1,480 ரிங்கிட் என்று இருக்கிறது. அதிகாரியின் கணக்குப்படி 1,440 ரிங்கிட்தான். அதைவிடப் பெரிய சிக்கல் கணக்குப் பிரிவில் காத்திருக்கிறது. அதிகாரி விடுப்பில் போயிருக்கிறார். கணக்கரின் கோப்பில் இருப்பது 60 டின்னுக்கான மின்னஞ்சல் மட்டுமே. குரல் பதிவும் கட்டைவிரல் குறியும் அதிகாரியின் சொந்தக் கைப்பேசியில் அடங்கிக் கிடக்கின்றன. கணக்கர் பணம் தர மறுக்கிறார் என்று அவர்மீது குறை சொல்ல முடியாது. தாம் காணாத ஓர் உடன்பாட்டுக்கு அவர் எப்படிப் பணம் கொடுப்பார்?

புலனமா மின்னஞ்சலா என்பதைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். பலர் ‘அவசரமானால் புலனம், நிதானமானால் மின்னஞ்சல்’ என்று பிரித்துப் பார்க்கின்றனர். அந்தப் பிரிவு அவ்வளவாக உதவாது. அந்த உரையாடலில் இல்லாத மூன்றாமவர் ஒருவர் பின்னாளில் இதைப் படிக்க வேண்டியிருக்குமா என்று கேட்டுப் பார்ப்பதே மேல். விலை, எண்ணிக்கை, நாள், பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைக் கணக்கரும் மேலாளரும் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே, அவை மின்னஞ்சலுக்குரியவை. “பாதி வழியில் இருக்கிறேன், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுவேன்” என்பதை நாளை யாரும் தேடப்போவதில்லை. அது புலனத்திற்குரியது. இதையே மின்னஞ்சலில் அனுப்பினால், அதிகாரி அதைப் பார்ப்பதற்குள் முறுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

புலனத்தில் அனுப்பிய செய்தியை முதல் 15 நிமிடத்திற்குள் திருத்தலாம். பிறகும் குறிப்பிட்ட காலத்திற்குள் இரு பக்கத்திலிருந்தும் நீக்கிவிடலாம். தாமாகவே மறையும் செய்திகளைத் தேர்ந்தெடுத்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ அவை அழிந்துபோகும். மின்னஞ்சல் அப்படியன்று. பெறுபவரின் பெட்டியைச் சேர்ந்துவிட்டால், அனுப்பியவரால் அதைத் தொட முடியாது. தலைப்பைக் கொண்டு ஓராண்டுக்குப் பிறகும் தேடி எடுக்கலாம்.

புலனத்தில் சொன்னது வெறும் பேச்சுத்தானே, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று எண்ணுவதும் தவறு. மலேசியாவின் மின்வணிகச் சட்டம் 2006, மின்னியல் வடிவில் இருப்பதாலேயே ஒரு செய்தி செல்லாததாகிவிடாது என்கிறது. குறுஞ்செய்தி வழியாகக் கடனை ஒப்புக்கொண்டதைச் செல்லுபடியாகும் எழுத்துப்பூர்வ ஒப்புதலாக நம் கூட்டரசு நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏற்றது.

கட்டைவிரல் குறிக்கும் ஒரு வழக்கு உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு மார்ச்சில், தானியம் வாங்குபவர் ஒருவர் ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து விவசாயி ஒருவருக்குக் கைப்பேசியில் அனுப்பி, உறுதிப்படுத்தும்படி கேட்டார். விவசாயி கட்டைவிரல் குறியை மட்டும் அனுப்பினார். நவம்பரில் விதை வரவில்லை. அதற்குள் விலையும் ஏறியிருந்தது. ‘ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன்’ என்றார் விவசாயி. ஆனால், முன்பும் இதே வாங்குபவருக்கு ‘சரி’ என்பதுபோல் ஓரிரு சொல்லில் பதில் அனுப்பி, ஒப்பந்தப்படி தானியமும் கொடுத்திருந்தார் அவர். அதைக் கருத்தில் கொண்ட நீதிமன்றம், 2023ஆம் ஆண்டு அந்தக் குறியைக் கையெழுத்துக்கு இணையாகக் கருதி, ஏறத்தாழ 82,000 கனடிய டாலர் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

அக்கா என்ன செய்திருக்கலாம்? கை கழுவிய பிறகு புலனத்தில் இப்படி எழுதியிருக்கலாம்: “வணக்கம் ஐயா. கூடுதல் 20 டின் செய்து தர முடியும். மாவு விலை ஏறியதால் அவற்றுக்கு மட்டும் டின் ஒன்று 20 ரிங்கிட். சம்மதமா? சம்மதம் என்றால் நாளைக் காலை மின்னஞ்சலில் உறுதிப்படுத்துகிறேன்.” வணக்கமும் விவரமும் கேள்வியும் ஒரே செய்தியில் அடங்கியிருக்கின்றன. ‘வணக்கம்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தால், எதற்கு அழைக்கிறார் என்று அறியாமல் எதிர்முனையில் இருப்பவரும் காத்திருப்பார்.

மறுநாள் மின்னஞ்சல். கணக்குப் பிரிவும் படிக்கும் என்பதால் அதை மலாயில் எழுத வேண்டியிருக்கும். தமிழில் அதன் உள்ளடக்கம் இது:

தலைப்பு: முறுக்கு முன்பதிவு – எண்ணிக்கை மாற்றம் (60 டின்னிலிருந்து 80 டின்)

துவான்,
நேற்று புலனத்தில் பேசியபடி, முன்பதிவில் 20 டின் சேர்க்கப்படுகிறது.
முதல் 60 டின், தலா 18 ரிங்கிட்: 1,080 ரிங்கிட்
கூடுதல் 20 டின், தலா 20 ரிங்கிட்: 400 ரிங்கிட்
மொத்தம்: 1,480 ரிங்கிட்
ஒப்படைக்கும் நாளிலும் நேரத்திலும் மாற்றமில்லை. அக்டோபர் 1ஆம் நாளுக்குள் உறுதிப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.
நன்றி.

இதைப் புதிய மின்னஞ்சலாகத் தொடங்காமல், முதல் முன்பதிவு மின்னஞ்சலுக்கான பதிலாக அனுப்ப வேண்டும். கணக்குப் பிரிவுக்கும் ஒரு நகல் போக வேண்டும். அப்போது கணக்கரின் கோப்பில் பழைய 60ம் புதிய 80ம் ஒரே தொடரில் இருக்கும்.

இதில் அக்காவின் மொழி மாறியிருப்பதையும் காணலாம். லாரி ஓட்டுநரிடம் “அண்ணே, முன்பக்கமா வாங்க” என்று எழுதுவது இயல்பு, அதில் குறையில்லை. அதிகாரி தம்மை ‘அக்கா’ என்று அழைத்தாலும், அலுவல் செய்தியில் அவர் ‘ஐயா’ ஆகிறார். மலாயில் ‘துவான்’ ஆகிறார். பணம் வரத் தாமதமானாலும் “எப்போது தருவீர்கள்?” என்று இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் கேட்பதைவிட, “அக்டோபர் 10ஆம் நாளிட்ட விலைப்பட்டியலுக்கான 1,480 ரிங்கிட் இன்னும் வந்து சேரவில்லை. எந்த நாளில் எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று அலுவல் நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பினால், கணக்கர் கோப்பைத் திறந்து பார்த்துப் பதில் எழுத முடியும்.